பகல் 11 மணி அமைதியை நம்பி வீடு எடுக்கலாமா?

"வாடகைக்கு ஒரு வீடு பிடிச்சிருக்கு. இரண்டாம் மாடி, ரெண்டு படுக்கையறை. பெரிய அறை பின்பக்கம், அங்கிருந்து சுமார் 60 மீட்டர்ல ரயில் பாதை. சின்ன அறை தெருப்பக்கம், எதிர் வரிசையில 40 மீட்டர் தள்ளி ஒரு பார். தெருமுனையில சந்தை, 200 மீட்டர்ல கோயில். பகல் 11 மணிக்குப் பார்த்தப்போ அமைதியாத்தான் இருந்தது. முன்பணம் கொடுக்க ஒரு வாரம் இருக்கு. குடிபோன பிறகு சத்தம் தாங்குமா தாங்காதான்னு இப்பவே எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

நீங்கள் போன நேரம்தான் சிக்கல். பகல் 11 மணிக்கு இந்த நான்கும் ஓய்ந்திருக்கும். சந்தைக்கு வரும் சரக்கு விடியலுக்கு முன்பே இறங்கியிருக்கும். பார் திறந்திருக்காது. கோயிலில் காலை வழிபாடு முடிந்திருக்கும். பயணிகள் ரயில்கள் அதிகம் ஓடும் பாதைகளில் சரக்கு ரயில்களுக்குப் பெரும்பாலும் இரவில்தான் வழி கிடைக்கும். ஒவ்வொன்றுக்கும் அதற்கென்று ஒரு கடிகாரம் உண்டு. அந்தந்த நேரத்துக்குப் போய்த்தான் கேட்க வேண்டும். ஒரு வாரம் அதற்குப் போதும். எந்த நேரத்துக்குப் போவது, போனால் எதை அளப்பது என்று தெரிந்திருந்தால் மூன்று நடை போதும்.

முதலில் எதை அளப்பது என்பதைச் சொல்லிவிடுகிறேன். பலர் போனில் ஒரு செயலியைப் போட்டு, "சராசரி 50 டெசிபல்தான் காட்டுது, பரவாயில்லை" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ரயில் பக்கத்து வீட்டுக்கு இந்தச் சராசரி உதவாது. மணிக்கு ஒரே ஒரு ரயில், 20 விநாடி, 80 டெசிபல் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி நேரம் முழு அமைதி. அந்த ஒரு மணி நேரத்தின் சராசரி 57 டெசிபல்தான் வரும். 57 என்றால் சாதாரணப் பேச்சை விடக் கொஞ்சம் குறைவு. ஆனால் தூங்குகிறவரை எழுப்புவது 80. தூக்கம் கெடுவது பெரும்பாலும் திடீர் உச்சத்தால். அந்த உச்சம் எவ்வளவு, இரவில் எத்தனை தடவை என்ற இரண்டும்தான் உங்களுக்கு வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 1999-ல் வெளியிட்ட சமூக இரைச்சல் வழிகாட்டி, படுக்கையறைக்குள் இரவுச் சராசரி 30 டெசிபலும் ஒற்றைச் சத்தத்தின் உச்சம் 45 டெசிபலும் தாண்டாமல் இருப்பது நல்லது என்கிறது. ஊருக்குள் இருக்கும் பல வீடுகளில் இது எட்டாது என்பது வேறு விஷயம். ஆனாலும் ஒப்பிட்டுப் பார்க்க 45 என்ற ஒரு கோடு கையில் இருப்பது நல்லது. அதற்கு மேல் 10 டெசிபல் கூடினால் காதுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு சத்தமாகத் தெரியும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

போன் செயலிகளை எவ்வளவு நம்பலாம்? ஐபோனில் `NIOSH Sound Level Meter` என்ற இலவசச் செயலி இந்த வேலைக்குப் போதுமான அளவு சரியாகக் காட்டும். ஆண்ட்ராய்டில் போனுக்குப் போன் மைக் வேறுபடுவதால் 5 டெசிபல், சில சமயம் அதற்கு மேலும் தவறலாம். ஆனால் ஒரே போனை வைத்து வெளியே ஒரு முறை, உள்ளே ஒரு முறை, ஜன்னல் மூடி ஒரு முறை அளந்தால் அவற்றுக்கு இடையிலான வித்தியாசம் நம்பத்தக்கதாகவே இருக்கும். உங்கள் முடிவுக்கு அந்த வித்தியாசங்கள்தான் அதிகம் தேவைப்படும்.

அளக்கும்போது மூன்று விஷயம். மின்விசிறி, ஏசி இரண்டையும் நிறுத்திவிடுங்கள். வீடு காட்ட வருகிறவர் முதலில் விசிறியைப் போடுவார். வேகமாகச் சுற்றும் விசிறியே 45 டெசிபல் வரை தந்து, தூரத்துப் பேச்சையும் இரைச்சலையும் மறைத்துவிடும். அடுத்து, போனைத் தலையணை வரப்போகும் இடத்தில், அந்த உயரத்தில் பிடியுங்கள். அறை நடுவில் நின்று அளக்காதீர்கள். மூன்றாவது, காலி அறையில் எதிரொலி அதிகம். மெத்தை, திரை, துணி அலமாரி எல்லாம் வந்த பிறகு 3 டெசிபல் போல, சில அறைகளில் கொஞ்சம் கூடுதலாகவே குறையும். வீட்டுக்காரர் "சாமான் வந்தா சத்தமே இருக்காது" என்பார். குறைவது அவ்வளவுதான்.

ரயில் பாதை

இந்த வீட்டில் மிகப் பெரிய கேள்வி இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். ரயில் சத்தம் ஒரே சத்தம் அல்ல. சக்கரமும் தண்டவாளமும் உரசி எழும் இரைச்சல் ஒன்று, ஹாரன் ஒன்று, தரை வழியாக வரும் அதிர்வு ஒன்று. மூன்றும் மூன்று விதமாகக் குறையும்.

நீளமான ரயில் பக்கத்தில் போகும்போது சத்தம் ஒரு புள்ளியிலிருந்து வராமல் ஒரு கோடு முழுவதிலிருந்தும் வருகிறது. அதனால் தூரம் இரட்டிப்பானாலும் 3 டெசிபல் அளவுக்குத்தான் குறையும். "60 மீட்டருக்குப் பதில் 120 மீட்டரில் வீடு பார்த்தால் பாதியாகிவிடும்" என்ற கணக்கு இங்கே செல்லாது. காதுக்கு வித்தியாசம் சற்றே தெரியும், அவ்வளவுதான். ஹாரன் ஒரு புள்ளியிலிருந்து வருவது, அது தூரம் இரட்டிக்கும்போது 6 டெசிபல் குறையும். ஆனால் அது தொடங்கும் அளவே மிக அதிகம், தூங்குகிறவரை எழுப்புவதற்கென்றே செய்தது போன்ற சுருதியும் கூட.

ஆகவே தூரத்தை அளப்பதைவிட, உங்கள் வீட்டுக்கு நேராக அந்தப் பாதையில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது முக்கியம். செயற்கைக்கோள் வரைபடத்தில் பாதையை இரண்டு பக்கமும் ஒரு கிலோமீட்டர் தொடருங்கள். லெவல் கிராசிங் இருந்தால் அதற்குச் சில நூறு மீட்டர் முன்பிருந்தே ஹாரன் தொடங்கும். வீடு அந்தத் துண்டுக்குள் விழுந்தால் ஒவ்வொரு ரயிலும் உங்கள் ஜன்னலுக்கு நேரே ஊதிக்கொண்டு போகும். கேட்டுக்குத் தள்ளி வீடு இருக்கிறது என்று நினைப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான்: ஊதல் தொடங்கும் இடம் கேட் இருக்கும் இடம் அல்ல. கூர்மையான வளைவு இருந்தால் சக்கரம் கிறீச்சிடும். பாதை பிரியும் பாயிண்ட்ஸ் இருந்தால் ஒவ்வொரு சக்கரமும் அந்த இடைவெளியில் இடிக்கும். இரும்புப் பாலம் இருந்தால், அதிலும் அடியில் ஜல்லி இல்லாமல் தண்டவாளம் நேராக இரும்பின் மேல் பதிந்திருந்தால், பாலமே ஒரு பெரிய தகடு போல அதிர்ந்து சத்தத்தை 10 டெசிபல், சில பாலங்களில் அதற்கும் மேல் கூட்டிவிடும். சிக்னல் இருந்தால் வேறு விதத் தொல்லை. சரக்கு ரயில் சிவப்புக்குக் காத்து நிற்கும். டீசல் இன்ஜின் அரை மணி நேரம் உறுமிக்கொண்டே நிற்கும். பச்சை விழுந்து கிளம்பும்போது பெட்டிக்குப் பெட்டி இணைப்பு இழுபடும் சத்தம் தொடர்ச்சியாக வரும்.

வேகமும் கணக்கில் வரும். உருளும் இரைச்சல் வேகம் இரட்டிப்பானால் ஏறத்தாழ 9 டெசிபல் கூடும். நிலையத்துக்குப் பக்கத்தில் எல்லா ரயிலும் மெதுவாகப் போகும் இடத்தில் இரைச்சல் குறைவு, பிரேக் சத்தமும் அறிவிப்பும் கூடுதல். நடுவழியில் நேர்மாறு. வார்ப்பிரும்பு பிரேக் கட்டைகள் உள்ள சரக்கு வண்டிகளில் அந்தக் கட்டைகள் சக்கரத்தின் ஓடும் பரப்பையே சொரசொரப்பாக்கிவிடுவதால், பிரேக் போடாமல் ஓடும்போதும் அந்த வண்டிகள் அதிகம் இரையும். பயணிகள் ரயில் ஒன்றைக் கேட்டுவிட்டு "இவ்வளவுதானா" என்று முடிவுக்கு வரக் கூடாது என்பதற்கு இதுதான் காரணம். சரக்கு ரயில் பெரும்பாலும் கால அட்டவணையில் இருக்காது. இரவு 11 முதல் 5 வரை எத்தனை போகிறது என்று கேட் காவலரிடம், ராத்திரி வேலை பார்க்கும் காவலாளியிடம் கேளுங்கள். வீட்டுத் தரகரிடம் கேட்க வேண்டாம்.

மாடி விஷயம் பலருக்கு எதிர்பாராதது. மேலே போகப் போகச் சத்தம் குறையும் என்று நினைப்போம். பாதைக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு மதில் இருந்தால், தரைத்தளத்துக்கு அது தண்டவாளத்தை மறைக்கும். பார்வை மறைந்தாலே 5 டெசிபல் குறையும், நன்றாக மறைந்தால் 10 கூடக் குறையலாம். இரண்டாம் மாடியிலிருந்து மதிலுக்கு மேலே தண்டவாளம் தெரியும், அந்தச் சலுகை போய்விடும். உங்கள் பெரிய அறை ஜன்னலில் நின்று பாருங்கள். சக்கரம் தெரிகிறதா, கூரை மட்டும் தெரிகிறதா? சக்கரம் தெரிந்தால் நடுவே தடுப்பு ஏதும் இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். மரங்களை நம்பாதீர்கள். பத்து மீட்டர் அகல மரவரிசை கண்ணுக்குத்தான் மறைப்பு, காதுக்கு ஏறக்குறைய ஒன்றுமில்லை.

அதிர்வைக் காதால் பிடிப்பது கடினம். சரக்கு ரயில் போகும்போது உள்ளங்கையைச் சுவரில் வையுங்கள், பிறகு கண்ணாடியில். கண்ணாடி மட்டும் நடுங்கினால் அது காற்று வழி வருவது, ஜன்னலைச் சரிசெய்தால் குறையும். தரையும் சுவரும் நடுங்கினால் அடித்தளம் வழி ஏறி வருகிறது. அதை வாடகைக்கு இருப்பவர் எதுவும் செய்ய முடியாது.

எல்லாவற்றையும் நேரில் கேட்க முடியாது என்றால் ஒரு வழி உண்டு. வீடு காலியாக இருப்பதால் வீட்டுக்காரரிடம் அனுமதி வாங்கி, பழைய போன் ஒன்றைச் சார்ஜரில் போட்டு, பெரிய அறையில் ஒலிப்பதிவு ஓடவிட்டு இரவு முழுவதும் வைத்துவிடுங்கள். காலையில் அலைவடிவத்தைப் பார்த்தால் மேடுகள் எத்தனை, எந்த நேரம் என்று ஒரு நிமிடத்தில் எண்ணிவிடலாம். பெரும்பாலான ஒலிப்பதிவுச் செயலிகள் சத்தத்தைத் தாமாகவே கூட்டிக் குறைக்கும். ஆகவே அதில் எண்ணிக்கையை மட்டும் எடுங்கள், அளவை எடுக்காதீர்கள். காற்றில்லாத, மேகமில்லாத இரவாக இருந்தால் இன்னும் நல்லது. அந்த மாதிரி இரவில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, மேலே வெப்பமாக இருக்கும்; மேலே போக வேண்டிய சத்தம் வளைந்து கீழே இறங்கும். பகலில் கேட்கவே கேட்காத தூரத்து ரயில் அப்போது பக்கத்தில் போவது போலக் கேட்பது இதனால்தான். மோசமான இரவு எப்படி இருக்கும் என்பதுதானே தெரிய வேண்டும்?

பார்

பாரில் அளக்க வேண்டியது பாட்டு எவ்வளவு சத்தம் என்பதை அல்ல, பேஸ் எவ்வளவு என்பதை. 50 முதல் 100 ஹெர்ட்ஸ் வரையிலான அந்த 'தும் தும்' ஒலியின் அலைநீளம் மூன்றரை முதல் ஏழு மீட்டர். உங்கள் ஜன்னல், கதவு, மெல்லிய சுவர் எல்லாம் அதற்கு ஒரு பொருட்டே அல்ல. பாடகரின் குரல் மூடிய ஜன்னலோடு நின்றுவிடும். பேஸ் உள்ளே வந்துவிடும்.

இங்கே செயலி ஏமாற்றும். வழக்கமாகத் திரையில் தெரியும் `dBA` என்ற அளவு, நம் காது தாழ்ந்த ஒலிகளைக் குறைவாகக் கேட்பதை ஒட்டி அவற்றைக் கழித்துக் காட்டுவது. 63 ஹெர்ட்ஸில் 26 டெசிபல் கழிந்துவிடும். அதனால் மார்பில் இடிப்பது போல் பேஸ் இருந்தாலும் திரையில் "33" என்று சாதுவான எண் வரும். செயலியின் அமைப்பில் `dBC` என்று ஒன்று இருக்கும். அதில் இந்தக் கழிவு ஏறக்குறைய இல்லை. ஜன்னலை மூடிவிட்டு இரண்டிலும் அளந்து வித்தியாசத்தைப் பாருங்கள். 15-க்குள் இருந்தால் கவலை குறைவு. 20-ஐத் தாண்டினால் அறைக்குள் இருப்பது பெரும்பாலும் தாழ்ந்த ஒலிதான். செயலியே இல்லாமலும் பார்க்கலாம்: ஜன்னலை மூடி, விளக்கை அணைத்து, படுக்கை வரும் மூலையில் இரண்டு நிமிடம் நில்லுங்கள். தாளத்தை எண்ண முடிகிறதா? எண்ண முடிந்தால் தூங்கும்போதும் எண்ணிக்கொண்டிருப்பீர்கள். மூலையில் நிற்கச் சொல்வதற்குக் காரணம், பேஸ் சுவரோரமும் மூலையிலும் தடித்து, அறை நடுவில் மெலியும். கட்டில் எப்போதும் சுவரோரம்தானே போடுவோம்.

வெள்ளி அல்லது சனிக்கிழமை இரவு, மூடும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு போய் இதை அளந்துவிட்டு, மூடிய பிறகும் அரை மணி நேரம் தெருவில் இருங்கள். பார் மூடுவது ஓய்வு அல்ல. வெளியே வந்தவர்கள் வாகனத்தின் அருகே நின்று பேசுவது, சிரிப்பது, வண்டியைக் கிளப்புவது, பிறகு பின்கதவில் காலி பாட்டில்களைக் கொட்டுவது, இதெல்லாம் அதற்கப்புறம்தான். மனிதக் குரல், அதிலும் சொல் புரியும் தூரத்தில் வரும் குரல், அதே அளவு இயந்திர இரைச்சலை விட அதிகம் தொந்தரவு செய்யும். பாரின் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, புகைபிடிக்க எங்கே நிற்கிறார்கள், சமையலறைப் புகைபோக்கி விசிறி எங்கே இருக்கிறது என்று பகலிலேயே பார்த்து வையுங்கள். அந்த விசிறி உங்கள் பக்கம் திரும்பியிருந்தால் பாட்டு இல்லாத நாளிலும் ஒரு சீரான முனகல் இருக்கும்.

பார் வேறு கட்டடத்தில் இருப்பது நல்லது. அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்திருந்தால் இவ்வளவு அளவே தேவையில்லை. ஸ்பீக்கர் தரையைத் தட்ட, தூண் வழியாக ஏறும், அந்த வீட்டை விட்டுவிடலாம்.

கோயிலும் சந்தையும்

கோயிலில் பார்க்க வேண்டியது குழாய் ஸ்பீக்கர் எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதை. இந்தக் கூம்புகள் சத்தத்தை ஒரு பக்கம் குவித்து அனுப்பும். அவற்றின் நேரே இருப்பவருக்கும் பின்னால் இருப்பவருக்கும் 10 டெசிபலுக்கு மேல் வித்தியாசம் வரும். ஒரு சாதாரணக் கணக்கு: ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டரில் 108 டெசிபல் தரும் கூம்புக்கு 15 வாட் கொடுத்தால் ஒரு மீட்டரில் 120. 100 மீட்டரில் 80. உங்கள் 200 மீட்டரில் 74. நடுவே கட்டடம் மறைத்தாலும், கூம்பு வேறு பக்கம் பார்த்தாலும் நன்றாகக் குறையும். அது உங்களைப் பார்த்து, தடையில்லாமல் இருந்தால், மூடிய ஜன்னலுக்குள்ளும் 50-ஐத் தாண்டும். மொட்டை மாடிக்குப் போய் எத்தனை கூம்பு, எத்திசை என்று எண்ணிவிடுங்கள்.

ஆனால் ஒரு சாதாரண நாளை அளந்து கோயிலைத் தீர்மானிக்க முடியாது. நாள்தோறும் நடப்பது மணி, கொஞ்சம் ஒலிபெருக்கி. திருவிழாவில் தெருவெல்லாம் கூடுதல் கூம்பு கட்டுவார்கள், வெடி இருக்கும், நள்ளிரவு தாண்டும். இதற்கு அளவி வேண்டாம், கோயில் அலுவலகத்தில் மூன்று கேள்வி கேட்டால் போதும். காலை ஒலிபெருக்கி எத்தனை மணிக்குத் தொடங்கும்? ஆண்டில் எத்தனை நாள் இரவு வரை நிகழ்ச்சி? அப்போது ஸ்பீக்கர் எந்தத் தெரு வரை கட்டுவீர்கள்? ஆண்டுக்குப் பத்து இரவு என்றால் பலரால் தாங்க முடியும். தினமும் விடியல் நாலரை மணி என்றால் அது வேறு கதை, அதுவும் இரவு வேலை முடித்து வருகிறவருக்கு.

சந்தையில் சில்லறையா மொத்த வியாபாரமா என்பதே பாதி விடை. சில்லறைச் சந்தையின் இரைச்சல் பகலோடு போய்விடும். மொத்தச் சந்தை விடியற்காலை 2 முதல் 5 வரை உயிரோடு இருக்கும்: லாரி ரிவர்ஸ் எடுக்கும் 'பீப் பீப்', பெட்டிகளை வீசும் சத்தம், இரும்புச் சக்கரத் தள்ளுவண்டி, ஷட்டர் தூக்குவது. பகலிலேயே அடையாளம் தெரியும். காலிப் பெட்டிகள் அடுக்கியிருக்கும், லாரி நிற்குமிடத்தில் எண்ணெய்க் கறை இருக்கும், ஜெனரேட்டர் புகைக்குழாய்க்கு மேல் சுவர் கருத்திருக்கும், குளிர்பதன அறையின் கம்ப்ரசர் பின்சுவரில் இருக்கும். லாரி சந்தைக்கு எந்தத் தெரு வழியாக வருகிறது என்பதுதான் உங்களுக்கு முக்கியம். உங்கள் தெருவழி என்றால், சந்தை 150 மீட்டர் தள்ளி இருப்பதில் பயனில்லை. ஒரு நாள் விடியல் 3 மணிக்குப் போய்ப் பார்ப்பதைத் தவிர இதற்குக் குறுக்கு வழி இல்லை. வாரச் சந்தை நாள் என்று ஒன்று இருந்தால் அந்த விடியலைத் தேர்ந்தெடுங்கள்.

உங்கள் வீட்டுக்குக் கணக்குப் போட்டால்

எண்கள் எப்படி வரக்கூடும் என்று ஒரு மாதிரி போடுகிறேன். உங்கள் எண்களை அங்கங்கே மாற்றிக்கொள்ளுங்கள்.

பெரிய அறை ஜன்னலுக்கு வெளியே, சரக்கு ரயில் போகும்போது உச்சம் 82 என்று வருகிறது. ஜன்னல் திறந்திருந்தால் அறைக்குள் 12 போல் குறைந்து 70. மூடினால், சாதாரண சறுக்கு ஜன்னல் 22 போல் தடுக்கும், 60. 45-க்குக் கொண்டுவர 37 டெசிபல் தடுப்பு வேண்டும். இடுக்கில்லாமல் பொருத்திய தடித்த லாமினேட் கண்ணாடி கூட வீட்டில் 35-ஐத் தொடுவது அரிது. ஒலிப்பதிவில் நள்ளிரவுக்கு மேல் ஐந்து மேடு தெரிகிறது என்றால், ஐந்து தடவை 60. அது படுக்கையறை அல்ல.

சின்ன அறைக்கு வீடே தடுப்பாக நிற்கிறது. ரயிலின் 82 முன்பக்கத்துக்கு வரும்போது 18 போல் குறைந்து 64. ஜன்னல் மூடினால் உள்ளே 42. ரயிலைப் பொறுத்தவரை இந்த அறை தேறிவிட்டது. சனிக்கிழமை இரவு அதே அறையில் பாருக்காக அளக்கிறீர்கள். ஜன்னல் திறந்து 48 ஏ, 64 சி. மூடினால் 33 ஏ, 57 சி. ஜன்னல் ஏ அளவில் 15 தடுத்தது, சி அளவில் 7 மட்டுமே. மூடிய பின் வித்தியாசம் 24. பேஸ் உள்ளே இருக்கிறது, கண்ணாடி மாற்றினாலும் பெரிதாகக் குறையாது. இப்போது கேள்வி எளிதாகிவிட்டது: வாரத்தில் எத்தனை இரவு, எத்தனை மணி வரை? இரண்டு இரவு, 12 மணி வரை என்றால் சின்ன அறையில் படுத்து, பெரிய அறையைப் பகல் அறையாக வைத்துக்கொண்டு வாழலாம். தினமும் 2 மணி வரை என்றால் இந்த வீட்டில் தூங்க அறை இல்லை. விடியல் 3 மணி நடையில் லாரிகள் இந்தத் தெருவழியே ரிவர்ஸ் எடுத்தாலும் அதே முடிவுதான், ஏனென்றால் ரயிலிலிருந்து தப்பி வந்த அறையும் போய்விடுகிறது.

இன்னொன்று, ஜன்னல் மூடிய எண்களை எடுத்துக்கொள்ளும்போது அப்படித் தூங்க முடியுமா என்று யோசியுங்கள். ஏசி இல்லாத வீட்டில், வெக்கை நாளில், ஜன்னலைத் திறந்துதான் படுப்பீர்கள் என்றால் உங்கள் எண் 42 அல்ல, 52.

நடைகளின் வரிசை: ஒரு வார நாள் இரவு 10 முதல் 12 வரை ரயிலுக்கு, வரும்போது ஒலிப்பதிவுப் போனை வைத்துவிட்டு வரலாம். வெள்ளி அல்லது சனி இரவு பாருக்கு. மறுநாள் அப்படியே தூங்காமல் விடியல் 3 மணி சந்தைக்கு, அங்கிருந்து கோயில் ஒலிபெருக்கி தொடங்கும் வரை. வீட்டுக்குள் விடமாட்டேன் என்று வீட்டுக்காரர் சொன்னால், மாடிப்படி ஜன்னலில் அளந்து, திறந்த ஜன்னலுக்கு 12-ம், மூடியதற்கு 22-ம் கழித்துக்கொள்ளுங்கள். காரணமில்லாமல் இரவில் மட்டும் காட்ட மறுத்தால் அந்த மறுப்பையும் ஒரு அளவாக எடுத்துக்கொள்ளலாம்.

பக்கத்து வீட்டாரிடம் "சத்தம் இருக்குமா?" என்று கேட்காதீர்கள், பழகியவர்கள் "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்பார்கள், பொய்யும் அல்ல. "நீங்க எந்த ரூம்ல படுக்கறீங்க?" என்று கேளுங்கள். பின்பக்க அறையைச் சாமான் அறையாக வைத்திருந்தால் விடை கிடைத்துவிட்டது. இதற்கு முன் இருந்தவர்கள் எத்தனை மாதம் இருந்தார்கள் என்பதும் கேட்கத்தக்கது. வீட்டில் ஒரு பக்க ஜன்னல் மட்டும் புதிதாக, தடித்த கண்ணாடியாக இருந்தால் யாரோ ஏற்கெனவே அந்தப் பக்கத்தோடு போராடியிருக்கிறார்கள்.

எடுப்பதென்று முடிவு செய்தால், முன்பணத்துக்கு முன்பு சின்ன அறை ஜன்னலின் இடுக்குகளை அடைத்துத் தரச் சொல்லுங்கள். இரவில் ஒருவர் வெளியே டார்ச் அடிக்க, உள்ளே இருட்டில் நின்றால் ஒளி கசியும் இடமெல்லாம் தெரியும். ஒலியும் அதே வழியாகத்தான் வரும். ஜன்னல் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு இடுக்கு இருந்தாலே எவ்வளவு தடித்த கண்ணாடி போட்டாலும் 20 டெசிபலுக்கு மேல் தடுக்காது. சறுக்கு ஜன்னலில் நடுவே இரண்டு கதவும் ஒன்றின் மேல் ஒன்று படியும் இடமும், கீழ்த் தடமும்தான் வழக்கமான ஓட்டைகள். ரப்பர் பட்டை போட்ட பிறகு அதே இடத்தில் மறுபடி அளந்து பாருங்கள். 3 டெசிபல் கூடக் குறையவில்லை என்றால், ஜன்னலை விட்டுவிட்டுச் சுவரின் மேற்பகுதியில் இருக்கும் காற்றுத் துளையையும், ஏசி குழாய் போகும் ஓட்டையையும், அறைக் கதவின் அடி இடுக்கையும் தேடுங்கள். ரயில் சத்தம் பெரிய அறை வழியாக நுழைந்து கதவடியில் வருவதும் உண்டு. பெரிய அறைக் கதவைச் சாத்தி ஒரு முறை, திறந்து ஒரு முறை அளந்தால் அது தெரிந்துவிடும்.